வீட்டுக்குள் திருடன்: எவ்வளவு தூரம் அடிக்கலாம், எங்கே கையை நிறுத்த வேண்டும்?

"நம்ம வீட்டுக்குள்ள வந்தவனை அடிச்சா நம்ம மேலயே கேஸ் போடுவாங்களா?" திருட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலே இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். டீக்கடையில் இதற்கு இரண்டு பதில்கள் கிடைக்கும். "வீட்டுக்குள்ள வந்துட்டான்ல, வெட்டிப் போட்டாலும் கேஸ் இல்ல" என்பது ஒன்று. "கை வைச்சா நீதான் உள்ள போவ, பேசாம இரு" என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு.

உண்மையான பதில் பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டத்தில், 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக இந்தச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பழைய சட்டத்தில் இதே விதிகள் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளாக இருந்தன. எண்கள்தான் மாறியிருக்கின்றன, அடிப்படை மாறவில்லை.

34-வது பிரிவு ஒரே வரிதான். தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்த எதுவும் குற்றமாகாது என்கிறது. 35-வது பிரிவு அதை விரிக்கிறது. உங்கள் உடலை மட்டுமல்ல, அடுத்தவர் உடலையும் நீங்கள் காக்கலாம். உங்கள் சொத்தை மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரர் சொத்தையும் திருட்டு, கொள்ளை, நாசவேலை, அத்துமீறல் ஆகியவற்றிலிருந்து காக்கலாம்.

ஆனால் இந்த உரிமைக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. அந்த இரண்டுக்கும் நடுவில் செய்தது தற்காப்பு. முடிவுக்குப் பிறகு செய்தது தாக்குதல். ஒரே இரவில், ஒரே ஆள் மேல், பத்து நிமிட இடைவெளியில் விழும் இரண்டு அடிகளில் முதல் அடி குற்றமே இல்லாமலும் இரண்டாவது அடி கொலைக் குற்றமாகவும் இருக்க முடியும். இதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைச் சம்பவத்தை நிமிடம் நிமிடமாகப் பார்ப்போம்.

நள்ளிரவு 2.10: காம்பவுண்டுச் சுவர்

ஊர் ஓரத்தில் முருகேசன் வீடு. மனைவி செல்வி, கல்லூரியில் படிக்கும் மகள் என மூன்று பேர். நாய் குரைக்கிற சத்தம் கேட்டு எழுந்த முருகேசன் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். காம்பவுண்டுச் சுவர் ஏறி ஒரு ஆள் உள்ளே குதிக்கிறான்.

தற்காப்பு உரிமை இந்த நொடியிலேயே தொடங்கிவிட்டது. திருடன் பீரோவில் கை வைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சொத்துக்கு ஆபத்து வரப்போகிறது என்ற நியாயமான அச்சம் ஏற்பட்டாலே போதும் என்கிறது 43-வது பிரிவு.

ஆனால் இந்தக் கட்டத்தில் நடந்திருப்பது இன்னும் அத்துமீறல்தான். அவன் வளாகத்துக்குள் வந்திருக்கிறான், வீட்டுக்குள் வரவில்லை. இதற்கு முருகேசன் சத்தம் போடலாம், அவனைத் தள்ளலாம், பிடிக்கலாம், தேவைப்பட்டால் அடித்தும் விரட்டலாம். உயிரை எடுக்கும் அளவுக்குப் போக 42-வது பிரிவு இடம் தரவில்லை.

இங்கேதான் செல்போன் வருகிறது. காவல்துறையின் உதவியை நாட நேரம் இருக்கும்போது தற்காப்பு உரிமை கிடையாது என்று 37-வது பிரிவு சொல்கிறது. இதைச் சிலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "போலீசுக்கு போன் பண்ணிட்டா அப்புறம் நாம எதுவும் செய்யக் கூடாதா?" அப்படி இல்லை. போன் செய்வது வேறு, உதவி வந்து சேர்வது வேறு. ரோந்து வண்டி வர இருபது நிமிடம் ஆகலாம். திருடன் உள்ளே வர இரண்டு நிமிடம் போதும். அந்த இடைவெளியில் உங்கள் உரிமை அப்படியே இருக்கிறது.

இந்த விதி உண்மையில் யாரைத் தடுக்கிறது? "நாளைக்குக் காலையில ஆளுங்களோட வந்து வேலியைப் பிடுங்கப் போறேன்" என்று பக்கத்து நிலத்துக்காரர் சொல்லிவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். அதைக் கேட்டுவிட்டு, காவல் நிலையத்துக்குப் போகாமல், இரவெல்லாம் அரிவாளோடு காத்திருந்தால் அது தற்காப்பு அல்ல. அவருக்கு ஒரு முழு இரவு நேரம் இருந்தது. முருகேசனுக்கு இருப்பதோ சில நிமிடங்கள்தான். அவர் செல்வியிடம் 112-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு ஹாலுக்கு வருகிறார்.

2.14: மொட்டை மாடிக் கதவு

வந்தவன் குழாய் வழியாக மாடிக்கு ஏறுகிறான். கதவு இடுக்கில் கம்பியை நுழைத்துத் தாழ்ப்பாளை நெம்பித் திறந்து உள்ளே வருகிறான்.

இப்போது சட்டத்தின் பார்வையில் நிலைமை மாறிவிட்டது. பூட்டை உடைத்து, தாழ்ப்பாளை நெம்பி, சுவரேறி, அல்லது மனிதர் நுழைவதற்கு இல்லாத வழியாக வீட்டுக்குள் புகுவது 'வீட்டை உடைத்துப் புகுதல்' என்ற தனிக் குற்றம். முன்பு கன்னம் வைப்பது என்று சொன்னார்களே, அதன் சட்ட வடிவம் இது. சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் இது நடந்தால், சொத்தைக் காக்கும் உரிமை உயிரிழப்பை ஏற்படுத்தும் அளவு வரை நீளும் என்று 41-வது பிரிவு சொல்கிறது.

சொத்துக்காக இப்படி நீளும் சந்தர்ப்பங்கள் சட்டத்தில் நான்குதான். ஒன்று, கொள்ளை. இரண்டாவது, இரவில் வீட்டை உடைத்துப் புகுதல். மூன்றாவது, குடியிருக்கும் வீட்டுக்கோ பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்கோ தீ வைத்தோ வெடிபொருள் வைத்தோ நாசம் செய்வது. நான்காவது, திருட்டோ நாசவேலையோ வீட்டில் அத்துமீறி நுழைவதோ நடக்கும் விதத்தைப் பார்த்தால், தடுக்காவிட்டால் உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்ச வேண்டியிருப்பது. பகலில் திறந்த கதவு வழியாக வந்து செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் இந்த நான்கில் எதிலும் வரமாட்டான். அவனைப் பிடிக்கலாம், பொருளைப் பறிக்கலாம். தலையில் போட முடியாது.

அப்படியானால் இரவில் கதவை நெம்பி வந்தவனைக் கண்டதும் வெட்டலாமா? அதுவும் இல்லை. 41-வது பிரிவே, 37-வது பிரிவின் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டுத்தான் இந்த உரிமை என்று தொடங்குகிறது. அந்தக் கட்டுப்பாடுகளில் முக்கியமானது, தற்காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்பது. வந்தவன் வெறுங்கையோடு நிற்கிறான், விளக்கைப் போட்டதும் கையைத் தூக்கிவிட்டான் என்றால், அவனை வெட்டுவதற்கு அங்கே தேவை எதுவும் இல்லை. 41-வது பிரிவு சொல்வது உச்ச வரம்பு. அந்த வரம்பு வரை போயே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை.

2.16: இரும்புக் கம்பி

முருகேசன் விளக்கைப் போடுகிறார். வந்தவன் கையை உயர்த்தவில்லை. கதவை நெம்பிய இரும்புக் கம்பியை ஓங்கிக்கொண்டு செல்வியை நோக்கி வருகிறான். முருகேசன் கையில் இருந்த கம்பால் ஓங்கி ஒரு அடி. அது தலையில் விழுகிறது. அவன் சாய்கிறான்.

இந்த ஒரு அடியிலேயே அவன் இறந்துபோனாலும் முருகேசன் செய்தது குற்றமாகாது. இங்கே சொத்தைக் காக்கும் உரிமையோடு உடலைக் காக்கும் உரிமையும் சேர்ந்துவிட்டது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் தரும் தாக்குதல், பாலியல் வன்கொடுமை, கடத்தல், அமில வீச்சு போன்றவற்றைத் தடுக்க, தாக்குகிறவரின் உயிர் போகும் அளவு வரை போகலாம் என்கிறது 38-வது பிரிவு. காக்கப்படுவது முருகேசனின் உயிராக இருக்க வேண்டும் என்றும் இல்லை, செல்வியின் உயிராக இருந்தாலும் போதும். 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் அருகே, கத்தியைக் காட்டிப் பாலியல் வன்கொடுமை செய்ய முயன்றவர் 19 வயதுப் பெண்ணின் எதிர்ப்பில் உயிரிழந்தார். அப்போது பழைய சட்டத்தில் 100-வது பிரிவாக இருந்த இதே விதியின் அடிப்படையில், காவல்துறை அதைத் தற்காப்பு என்று கருதி அந்தப் பெண்ணை விடுவித்தது.

"தலையில அடிச்சிருக்க வேண்டாம், கையில அடிச்சிருக்கலாமே" என்று பிறகு யாராவது கேட்கலாம். இதற்கு 2010-ல் ஒரு பஞ்சாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவான பதில் தந்திருக்கிறது. தாக்குதலுக்கு ஆளாகி நிற்கும் மனிதர், கணக்குப் போட்டு, படிப்படியாகத் தன் அடியின் வேகத்தை அளந்து தற்காத்துக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதுதான் அது. கம்பிக்குக் கம்பி, அடிக்கு அடி என்று தராசு பிடிக்க வேண்டியதில்லை. ஆபத்துக்கும் எதிர்ப்புக்கும் முற்றிலும் பொருத்தமில்லாமல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. ஆபத்தைத் தானே வரவழைத்துக்கொண்டவருக்கு இந்த உரிமை இல்லை. நீங்களே போய் வம்புக்கு இழுத்துவிட்டு, எதிராளி கை ஓங்கியதும் "தற்காப்பு" என்று சொல்ல முடியாது.

2.18: கம்பி கீழே விழுந்துவிட்டது

நம் கதையில் அவன் இறக்கவில்லை. தரையில் கிடக்கிறான், கம்பி ஓரமாக உருண்டுவிட்டது, எழுந்திருக்க முடியவில்லை. இந்த இடத்தில் ஆபத்து முடிந்துவிட்டது. ஆபத்து முடிந்ததும் உரிமையும் முடிகிறது. உடலைக் காக்கும் உரிமை, ஆபத்து பற்றிய அச்சம் நீடிக்கும் வரைதான் நீடிக்கும் என்று 40-வது பிரிவு சொல்கிறது.

இப்போது முருகேசனுக்கு வேறொரு உரிமை இருக்கிறது. தன் கண் முன்னே பிணையில் விட முடியாத, பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் செய்தவரைச் சாதாரணக் குடிமகனும் பிடித்து வைக்கலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவு இதற்கு அனுமதி தருகிறது. ஆனால் தேவையில்லாத தாமதம் இல்லாமல், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், காவல்துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். தப்பி ஓடாமல் இருக்கக் கையைக் கட்டி உட்கார வைப்பது சரி. ரத்தம் வந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

2.30: தெருவே கூடிவிட்டது

நம்ம ஊரில் பெரும்பாலும் தப்பு நடப்பது இந்தக் கட்டத்தில்தான். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் எட்டுப் பேர் வருகிறார்கள். போன மாதம் இன்னொரு வீட்டில் நகை போன கோபம் எல்லோருக்கும் இருக்கிறது. அவனை இழுத்துப் போய் மின்கம்பத்தில் கட்டி ஆளுக்கு நாலு அடி கொடுக்கிறார்கள். ஒருவர் வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். காலையில் அரசு மருத்துவமனையில் அவன் இறந்துபோகிறான்.

கட்டிப்போட்ட ஆளிடமிருந்து யாருக்கும் ஆபத்து இல்லை. அதனால் இங்கே தற்காப்பு உரிமை என்ற பேச்சுக்கே இடமில்லை. அவன் திருடன் என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் தண்டனை தருகிற அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டும்தான். கை வைத்த ஒவ்வொருவரும் கொலை வழக்கைச் சந்திக்க வேண்டியிருக்கும். "நான் ரெண்டு அடிதான் அடிச்சேன்" என்பது விடுவித்துவிடும் காரணம் அல்ல. பெருமைக்கு எடுத்த வீடியோ, யார் யார் அடித்தார்கள் என்பதற்கு முதல் சாட்சியாக நிற்கும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். உரிமை இருக்கும்போதே, நல்லெண்ணத்தோடு, முன்திட்டம் இல்லாமல், தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணமும் இல்லாமல் வரம்பு மீறி, அதில் உயிர் போனால், அது கொலையாகக் கருதப்படாது. 101-வது பிரிவில் உள்ள விதிவிலக்கின்படி அது கொலையாகாத மரணம் விளைவித்தல். அதற்கும் 105-வது பிரிவில் சிறைத்தண்டனை உண்டு, ஆனாலும் கொலைத் தண்டனை இல்லை. முருகேசன் 2.16-க்குப் பதற்றத்தில் மூன்று நான்கு அடி கூடுதலாக அடித்திருந்தால் அவருக்கு இந்த விதிவிலக்கைக் கேட்க வாய்ப்பு உண்டு. 2.30-க்கு மின்கம்பத்தில் கட்டி அடித்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. இல்லாத உரிமையின் வரம்பை மீறினோம் என்று அவர்கள் எப்படிச் சொல்ல முடியும்?

அவன் ஓடியிருந்தால்?

கதையைக் கொஞ்சம் மாற்றுவோம். விளக்கைப் போட்டதும் அவன் மேசையில் இருந்த செயினை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுகிறான். துரத்தலாமா? துரத்தலாம். திருட்டைப் பொறுத்தவரை, பொருளோடு அவன் தப்பிப் போய்விடும் வரை, அல்லது காவல்துறை உதவி கிடைக்கும் வரை, அல்லது பொருள் திரும்பக் கிடைக்கும் வரை உரிமை தொடர்கிறது என்று 43-வது பிரிவு சொல்கிறது. துரத்திப் பிடித்துக் கீழே தள்ளிச் செயினைப் பறிக்கலாம். ஆனால் அவன் வீட்டை விட்டு வெளியேறியதுமே, 'இரவில் வீட்டை உடைத்துப் புகுந்தவன்' என்ற காரணத்துக்காக நீண்டிருந்த உச்ச வரம்பு சுருங்கிவிடுகிறது. அந்த வரம்பு, அவன் வீட்டுக்குள் இருக்கும் வரைதான். வெளியே, முதுகைக் காட்டி ஓடுகிறவன் தலையில் கல்லைப் போட்டால் அது தற்காப்பாகாது. ஓடுகிறவன் திரும்பிக் கத்தியை எடுத்தால் மட்டும் உடலைக் காக்கும் உரிமை புதிதாகத் தொடங்கும்.

நான்கு நாள் கழித்து அவனைப் பேருந்து நிலையத்தில் அடையாளம் கண்டால்? அப்போது செய்ய வேண்டியது 112-ஐ அழைத்துச் சொல்வதுதான். அந்த இரவின் உரிமை அந்த இரவோடு போய்விட்டது.

மின்வேலி என்ற பெரிய தப்பு

சிலர் இன்னொரு வழி யோசிப்பார்கள். "நாம தூங்கினாலும் வயலைக் காக்கணும்" என்று வேலிக் கம்பியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சிவிடுவது. இது பன்றிக்கு வைத்தது, திருடனுக்கு வைத்தது என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது.

பீகாரைச் சேர்ந்த ஒரு வழக்கில் 1963-லேயே உச்ச நீதிமன்றம் இதை முடித்துவைத்துவிட்டது. ஒருவர் தன் வீட்டுக் கழிப்பறையை வெளியாட்கள் பயன்படுத்துகிறார்கள் என்று, அங்கே போகும் வழியில் மின்சாரம் பாயும் வெற்றுக் கம்பியைக் கட்டினார். அக்கம்பக்கத்துப் பெண் ஒருவர் அதைத் தொட்டு இறந்துபோனார். 'என் சொத்தைக் காத்தேன்' என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்துமீறி வந்தார் என்பதாலேயே ஒருவர் சட்டத்தின் பாதுகாப்பை இழந்துவிடுவதில்லை, வருகிறவருக்குத் தீங்கு வரும் என்று தெரிந்தே பொறி வைக்க இடத்தின் உரிமையாளருக்கு உரிமை இல்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகத் தண்டனை உறுதியானது. இன்று அதே குற்றத்துக்கு 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. சூழ்நிலையைப் பொறுத்து இதைவிடக் கடுமையான பிரிவும் வரலாம்.

காரணம் எளிது. முருகேசன் கம்பை ஓங்கும்போது எதிரில் நிற்பது யார், கையில் என்ன இருக்கிறது, இன்னும் ஆபத்து இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஓங்குகிறார். கம்பிக்குக் கண் இல்லை. ஆடு தேடி வந்த பாட்டியா, பந்து எடுக்க வந்த சிறுவனா என்று அதற்குத் தெரியாது. தேவையான அளவு மட்டும் என்ற விதியை ஒரு பொறியால் கடைப்பிடிக்கவே முடியாது.

அடுத்த நாள் காலை: நிரூபிப்பது எப்படி?

முருகேசன் கதையின் முதல் பாதியிலேயே அவன் இறந்திருந்தால், முருகேசன் மேல் வழக்கு வருமா? வரலாம். ஒரு உயிர் போயிருக்கும்போது காவல்துறை வழக்குப் பதிந்து விசாரிப்பது கடமை. வழக்குப் பதிவு என்பது தண்டனை அல்ல. விசாரணையிலேயே தற்காப்பு என்று தெரிந்தால் அங்கேயே முடியலாம், இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும்.

தற்காப்பு என்று காட்டும் பொறுப்பு அதைச் சொல்கிறவருக்கு உண்டு என்கிறது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 108-வது பிரிவு. பயப்பட வேண்டாம். அரசுத் தரப்பைப் போல சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. 'இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம்' என்று தெரிந்தால் போதும். அதற்குச் சம்பவ இடமே பேச வேண்டும்.

அதனால் நெம்பப்பட்ட தாழ்ப்பாளைச் சரி செய்யாதீர்கள். ரத்தத்தைக் கழுவாதீர்கள். வந்தவன் கொண்டுவந்த கம்பியையும் நீங்கள் பயன்படுத்திய கம்பையும் விழுந்த இடத்திலேயே விடுங்கள். சிசிடிவி இருந்தால் பழைய பதிவு தானாக அழிவதற்குள் அந்த நேரத்துப் பதிவைத் தனியாகச் சேமித்துக் காவல்துறையிடம் கொடுங்கள், குழுக்களில் பகிராதீர்கள். உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ சிறு கீறல் இருந்தாலும் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்யுங்கள். தாக்குதல் நடந்தது என்பதற்கு அந்தப் பதிவு பலமான ஆதாரம்.

112 அல்லது 100-க்குச் செய்த அழைப்பும் ஒரு ஆதாரம்தான். செல்வி எத்தனை மணிக்கு உதவி கேட்டார் என்பதை அது காட்டும். தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியில் உள்ள அவசர உதவிப் பொத்தானையும் பயன்படுத்தலாம். பேச முடியாத சூழலில் அது கைகொடுக்கும். புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், எல்லையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். நடந்ததை முழுதாக, முதல் முறையே, மறைக்காமல் சொல்லுங்கள். "நான் அடிக்கவே இல்லை, தானா விழுந்தான்" என்று ஆரம்பித்துவிட்டுப் பிறகு "தற்காப்புக்கு அடிச்சேன்" என்று மாற்றினால் இரண்டையும் நம்ப ஆள் இருக்காது. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாவிட்டால் இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

முருகேசன் வீட்டில் 2.16-க்கும் 2.18-க்கும் நடுவில் இரண்டே நிமிடம்தான். ஆனால் சட்டம் கேட்கும் கேள்வி அந்த இரண்டு நிமிடத்தில்தான் மாறுகிறது. அடிக்கும் ஒவ்வொரு முறையும் அது கேட்பது ஒன்றே: இந்த நொடியில் இவனால் யாருக்கு என்ன ஆபத்து? பதில் இருக்கும் வரை கை ஓங்கலாம். பதில் இல்லாதபோது கையைக் கட்டி உட்கார வைத்துவிட்டு, ரோந்து வண்டிக்காக வாசல் விளக்கைப் போட்டுக் காத்திருக்கலாம்.